மூன்றாம் கவுண்டரில் சேவல்

“அக்கா, ஒங்க மோட்டார் சைக்கிள்ல சேவல் ஒண்ணு ஒக்காந்திருக்கு!”

காவலாளி சுப்பிரமணியம் இப்படிக் கத்தியதும், மூன்றாம் கவுண்டரில் இருந்த காஞ்சனாவுக்குத் திக்கென்றது. பாடாங் செராய்ப் பக்கம் உள்ள அந்த அரசாங்க நல அலுவலகத்தில் வியாழக்கிழமை கூட்டம் சொல்லி மாளாது. அதற்கு நடுவே சேவலா?

“யாரு கட்டுனா?”

“தோட்டத்துப் பாப்பம்மா. கயித்த ஹேண்டில்ல கட்டிட்டு, ஒரு வார்த்த பேசாம விறுவிறுன்னு போயிருச்சு. நன்றிக்கடன்தான்க்கா, வேறென்ன?”

காஞ்சனா வாசலை எட்டிப் பார்த்தாள். பாப்பம்மாவின் மகன் வருடக்கணக்காய்ப் படுத்த படுக்கை. அவனுக்கான உதவித்தொகை ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி வந்தது. கடைசியில் காஞ்சனாவே மழையில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போய், பையனைப் பார்த்து, ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் அலைந்து வாங்கி, போன வாரம்தான் காரியத்தை முடித்தாள். அந்த அலைச்சலில் மற்ற ஃபைல்கள் தேங்கின. போன வருடக் கடைசியில் கொடுத்த சிறந்த சேவை விருது, அதிகம் ஃபைல் முடித்த பக்கத்துக் கவுண்டர் ஆளுக்குப் போனது. எரிச்சல் இல்லாமல் இருக்குமா?

அந்த எரிச்சலை மோப்பம் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான் ஜெயகுமார். பெரியம்மா மகன். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய மேனேஜர். கையில் காஞ்சனாவுக்கான வேலைக் கடிதம், ரெட்டிப்புச் சம்பளம். அஞ்சு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

“பாத்தியா? எங்க கம்பெனின்னா இந்நேரம் ஒனக்கு போனஸ், லங்காவித் தீவுக்கு ட்ரிப். இங்க கோழி!” என்றான்.

“சேவல்ண்ணே. அதையும் வாங்க முடியாது. வேல தொடர்பா யார்கிட்டயும் எதையும் வாங்கக்கூடாது” என்றாள் காஞ்சனா. “சுப்பிரமணியம், நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.”

“ஐயையோ! ஒங்களுக்கு வந்தத நான் வாங்குனா, நான்லா மாட்டுவேன்! எனக்குப் பென்ஷன் இருக்குக்கா!”

சரி, மேலதிகாரியிடமே சொல்லிவிடுவோம் என்று போனாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடு, அதுவரை அலுவலகத்துக்குள் பத்திரமாக வை என்றார்.

பத்திரமாக வைத்தார்கள். மூன்றாம் கவுண்டருக்குப் பின்னால், மேசைக் காலில் கட்டி. சேவல் ஒரே தாவலில் கவுண்டர் மேல் ஏறி, கூட்டத்தைப் பார்த்துக் கொக்கரக்கோ என்றது.

இங்கேதான் வந்தது வினை. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஓ, இப்பல்லாம் இப்படித்தானா?” என்றார் ஒரு பெரியவர்.

“பாப்பம்மாவுக்குக் கெடச்சிருச்சாம்ல. சேவல் குடுத்துச்சாம்” என்றது ஒரு குரல். ஒரு பெண் கைப்பேசியை எடுத்து, “ஏங்க, வீட்டுல அந்த வெள்ளக் கோழி இருக்குல்ல, சீக்கிரம் புடிச்சிட்டு வாங்க!” என்றாள். பாசாரில் காய்கறி வாங்கிவிட்டு நேரே வந்திருந்த மருதம்மாள் கூடையிலிருந்த அன்னாசிப்பழத்தைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கூரையைப் பார்த்தாள்.

“எடுங்கம்மா! எடுங்க அத!” காஞ்சனா பதறினாள்.

“பத்தலையா தாயி? இன்னொண்ணு இருக்கு.”

ஜெயகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தங்கையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று எழுந்து, “இவ்வளவுதானே? சேவல நான் வாங்கிக்கிறேன். இந்தா, பிடி” என்று ஐம்பது வெள்ளி நோட்டை எல்லார் கண்ணெதிரிலும் கவுண்டருக்கு மேல் நீட்டினான்.

பெரியவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

“உள்ள வைண்ணே! பட்டப்பகல்ல லஞ்சம் குடுக்கிற மாதிரி இருக்கு!”

“என்னா புள்ள இது? எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு கமிஷன்!”

“இங்க இதுக்குப் பேரு ஜெயிலு!”

அவ்வளவுதான், காஞ்சனாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்றாள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னிக்கு நான் இந்தச் சேவல வாங்குனா, நாளைக்குச் சேவல் இல்லாதவங்க வரிசைக் கடைசியில நிக்கணும். கோழி இல்லாத வீட்டுலதான் கஷ்டம் அதிகம். அவங்களுக்குத்தான் இந்த ஆபீஸு! புரியுதா?”

மருதம்மாள் மெல்ல அன்னாசியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வெள்ளைக் கோழிக்குச் சொல்லிவிட்ட பெண் மறுபடியும் கைப்பேசியை எடுத்தாள்.

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றான் ஜெயகுமார். “நெஞ்சத் தொட்டுச் சொல்லு, இங்க வேல பாக்குற பாதிப் பேரு பென்ஷனுக்கும் வீட்டுக் கடனுக்கும்தானே வந்தாங்க?”

“வந்தாங்க. நானும் அதையெல்லாம் நெனச்சுத்தான் விண்ணப்பம் போட்டேன், இல்லேங்கல. ஆனா மொதல்ல நான் சுங்கைப் பட்டாணியில ஃபோன் கம்பெனியில, வர்ற ஃபோனுக்குப் பதில் சொல்ற வேலையில இருந்தேன், ஞாபகம் இருக்கா? சீக்கிரம் முடிக்கிற ஒவ்வொரு ஃபோனுக்கும் காசு. வயசானவங்க பேசினா நேரமாகும், காசு கொறையும். ரெண்டே மாசத்துல கெழவங்க கொரலக் கேட்டதும் லைனக் கட் பண்ணப் பழகிட்டேன்ணே! யாரும் சொல்லித் தரல. காசு சொல்லிக் குடுத்துச்சு. என்னையே எனக்குப் புடிக்காமப் போச்சு. சம்பளத்த எப்படிக் குடுக்குறாங்களோ, ஆளு அப்படி மாறிடுறாங்க.”

“எங்க ஆளுங்கள்லயும் நல்லவங்க இருக்காங்க.”

“இருக்காங்க. இங்கயும் தூங்குமூஞ்சிங்க இருக்காங்க. பாப்பம்மா வீட்டுக்கு மூணு தடவ போனேன். ஒங்க கம்பெனியா இருந்தா, ஒரு வெள்ளி லாபம் இல்லாத வீட்டுக்கு ஏன் போனன்னு கேப்பீங்க. இங்க சம்பளம் ஏறாது, ஆனா போகாதன்னும் யாரும் சொல்ல மாட்டாங்க. அது போதும் எனக்கு!”

“விருது கெடைக்கலன்னு அன்னிக்கு அழுதியே?”

“அழுதேன்! இப்ப என்னா? இந்தா பாரு!” சேவலைத் தூக்கிக் காட்டினாள். “கையில காசில்லாத ஒரு மனுசி, வீட்டுல இருந்த ஒரே சேவலப் புடிச்சிட்டு வந்து எனக்குக் கட்டிட்டுப் போயிருக்கு. நான் வாங்க மாட்டேன். ஆனா குடுக்கணும்னு தோணுச்சுல்ல? ஒங்க லங்காவி ட்ரிப்ப நீங்களே வச்சுக்குங்க!”

சேவலை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜெயகுமார் கையிலிருந்த வேலைக் கடிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டாள். வரிசை கை தட்டியது. சுப்பிரமணியம் விசிலே அடித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பாப்பம்மா வந்தாள். கையில் தேங்காய், பழம், சூடம் நிறைந்த பை.

“எவன்டா அவன், என் சேவல அவுத்தது? கடையில சாமான் வாங்கிட்டு வர்றதுக்குள்ள களவாணிப் பசங்க!”

எல்லார் கண்ணும் காஞ்சனா பக்கம் திரும்பியது. அவள் கக்கத்தில் சேவல் நெளிந்தது.

“இந்தச் சேவலு... எனக்கில்லையா?”

“ஒனக்கா? இது முனியாண்டிக்கு நேந்துக்கிட்டது தாயி. பஸ்ஸுல ஏத்த மாட்டேன்ட்டான், நடந்தே வந்தேன். ஒன் மோட்டாரு நெழல்ல நின்னுச்சு, கட்டுனேன்.”

ஜெயகுமார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்துக்கொண்டே பையிலிருந்து அதே கடிதத்தின் இன்னொரு பிரதியை எடுத்தான். விற்பனைக்காரன் ஒரே பிரதியோடு வருவானா? பேனாவைத் திறந்து காஞ்சனாவின் கையில் திணித்தான்.

“முனியாண்டிக்குத்தான் போனஸு. ஒனக்கு ஒண்ணுமில்ல. இப்பவாவது போடு கையெழுத்த.”

காஞ்சனா பேனாவைப் பார்த்தாள். அவமானத்தில் காது சுட்டது.

“அப்ப எனக்கு ஒரு நன்றிகூட இல்லையா பாப்பம்மா?”

பாப்பம்மா சேவலை வாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லாருக்கே கத! மொத நாளு கையெடுத்துக் கும்பிட்டேன். என்னா சத்தம் போட்ட நீ! இது ஒன் உரிமை, எவன் காலுலயும் விழாதன்னு...”

காஞ்சனா பேனாவை மூடி, ஜெயகுமாரின் சட்டைப் பையில் செருகினாள். பாப்பம்மா இன்னும் நிறுத்தவில்லை.

“...அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் தாயி, இனிமே ஒன்னயக்கூடக் கும்பிடுறதில்லன்னு!”