பின் கதவுப் பெயர்

“அண்ணே, இதோட ரெண்டு தடவை ஆச்சு, மூணாவது தடவை உரிச்சா பெயின்ட்டும் சேர்ந்து வந்துரும்லா,” என்றாள் விஷ்ணுப்ரியா. கிள்ளானில் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவள். கையில் முடி உலர்த்தும் கருவி. அந்தச் சூட்டில்தான் பழைய எழுத்து இளகி வரும்.

யுகேந்திரன் புது வேனைப் பார்த்தான். சுபாங் ஜெயா அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டு போக வாங்கியது. முன் கண்ணாடியில் ‘முனீஸ்வரர் துணை’ அப்போதே ஏறிவிட்டது. அவர்கள் வீட்டு வழக்கப்படி முன் கண்ணாடி குலசாமிக்கு, பின் கதவு வீட்டு ஆளுக்கு. சிக்கல் பின் கதவில்தான்.

முதலில் அம்மாவின் பெயரை எழுதினான். சீதாலெட்சுமி. அடி நீள மஞ்சள் எழுத்து. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். முகம் மாறவில்லை.

“எனக்கெதுக்குடா? வண்டி வந்ததே மருமக வந்த யோகம். மாதவி பேரைப் போடு.”

ஆறு வருடமாக மாதவியின் ரசத்தில் ஒரு நல்லதும் காணாத அம்மா. யுகேந்திரன் உடனே ஸ்டிக்கர் கடைக்கு வேனைத் திருப்பினான். அன்று மாலையே ‘மாதவி’ ஏறியது.

மாதவி அதைப் பார்த்ததும் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னாங்க இது? வீட்டுல பெரியவங்க இருக்கும்போது என் பேரா? அத்தை பேரைத்தான் போடணும்.”

“அம்மாதான் உன் பேரைப் போடச் சொன்னாங்க.”

“சொல்வாங்க, சொல்வாங்க. அது அவங்க பெருந்தன்மை. உரிச்சிட்டு வாங்க.”

அத்தையின் பெருந்தன்மையைப் பற்றி மாதவி பேசி அவன் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் இப்படி விட்டுக்கொடுப்பதைப் பார்த்து, குடும்பம் ஒன்றாகிவிட்டது என்றே நம்பினான். பூஜைக்கு மூன்று பெண்களும் ஒரே வேனில் வந்து இறங்க வேண்டும், அம்மா, மாதவி, மாமியார். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். பூஜை வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். இன்று புதன்.

மகன் ரிஷியின் பெயரைச் சொல்லிப் பார்த்தான்.

“சின்னப் புள்ள பேரை ரோட்டுல திறந்து போட்டா கண்ணு படும்,” என்றாள் அம்மா.

தன் பெயரையே போடலாமா என்று கேட்டான்.

“தன் பேரைத் தானே எழுதிக்க நீங்க என்ன எலெக்‌ஷன்லயா நிக்கிறீங்க?” என்றாள் மாதவி.

பெயரே இல்லாமல் விட்டால்? அதற்கு மட்டும் இருவரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: பெயரில்லாத வண்டியில் ஏற மாட்டார்கள்.

கடைசியில், வேன் வாங்கியதிலிருந்து ஒன்றுமே பேசாத ஒருவரின் நினைவு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாமியார் லோகேஸ்வரி. போன் செய்தான்.

“என் பேரா, மாப்பிள்ளை? புது வேனுலயா? நல்லாப் பெருசாப் போடுங்க!” மறுமுனையில் மாமியார் அழுதேவிட்டார்.

அம்மாவும் மறுக்கவில்லை. மாதவியும் மறுக்கவில்லை. “ரொம்பப் பொருத்தம்” என்று இருவரும் சொன்னார்கள், அதுவும் கொஞ்சம் அவசரமாக.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கோயில் வாசல். பூசாரி யுகேந்திரனின் பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தார். முன்பக்கம் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தேங்காயை உடைத்து, பூசணிக்காயைச் சுற்றி வீதியில் போட்டு உடைத்தார். நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். யுகேந்திரன் வேனை மெதுவாக முன்னால் நகர்த்தினான். நான்கும் நசுங்கின. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமியார் பின் கதவருகே நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு எல்லாரும் சாமி கும்பிட உள்ளே போனார்கள். கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது.

“பக்தர்கள் கவனத்துக்கு! லோகேஸ்வரி வாசலை அடைச்சிக்கிட்டு நிக்குது. பின்பக்கம் ரொம்ப அகலமா இருக்கு, யாராலயும் தாண்டிப் போக முடியல. லோகேஸ்வரியை யார் கொண்டாந்தீங்களோ, உடனே வந்து தள்ளிட்டுப் போங்க!”

மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மாமியாரின் கையில் இருந்த விபூதி கொட்டியது. அம்மாவும் மாதவியும் கண்களை இறுக மூடி உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

யுகேந்திரன் வெளியே ஓடினான். மைக்கும் கையுமாக நின்றான் விமலன், கோயிலில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்பவன்.

“நம்பர் பிளேட்டைச் சொல்லக் கூடாதா, விமலா? பேரைச் சொல்லியா கூப்பிடுவ?”

“எப்பவும் பேரைச் சொல்லித்தான் அண்ணே கூப்பிடுறது. போன மாசம்கூட வண்டியை இழுத்துட்டுப் போற டோ லோரியில இராஜம்மாவைக் கட்டித் தூக்கினப்ப, மைக்ல நான் சொல்லச் சொல்ல உங்க அம்மாவும் அண்ணியும் இதே இடத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சாங்களே, உங்ககிட்ட சொல்லல?”