கறையும் கரை காணாத சிந்தனையும்

ஆண்டின் கடைசி ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, என் விடுதலைக்கான சாசனத்தை எழுத உட்கார்ந்தேன்.

இணையத்தில் எனக்கு ஒரு வலைப்பூ உண்டு. வாழ்க்கை, மௌனம், இருத்தல் என்று கனமான விஷயங்களை எழுதுவேன். டிசம்பர் வந்தால் வலைப்பூக்காரர்கள் எல்லாரும் 'இந்த ஆண்டு ஒரு பார்வை' என்று ஒரு பதிவு போடுவார்கள். எது பலித்தது, என்ன கற்றேன், அடுத்த ஆண்டு என்ன திட்டம். எனக்கு அந்த மூன்றாவது பகுதி மட்டும்தான் வேண்டும். 'தினமும் காலை ஆறு முதல் எட்டு வரை எழுத்துக்கே அர்ப்பணம்' என்று ஊரறிய எழுதிவிட்டால், அந்த நேரத்தில் என்னைப் பாத்திரம் தேய்க்க யார் கூப்பிட முடியும்?

முதல் இரண்டு பகுதிகளை ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். 'நிறைவான ஆண்டு. நிறையக் கற்றேன்.' பிழை பார்த்துத் தரும்படி மனைவியிடம் நீட்டினேன். அங்கேதான் சறுக்கல். அவள் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. ஆண்டறிக்கை என்றால் அவளுக்கு அல்வா மாதிரி.

"நிறைவான ஆண்டுன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"மனசை வெச்சு."

"எத்தனை பதிவு போடணும்னு போன வருஷம் சொன்னீங்க?"

"ஐம்பத்திரண்டு."

"போட்டது?"

"நாற்பத்தொண்ணு. அதெல்லாமா எழுதுவாங்க?"

"அதைத்தான் முதல்ல எழுதணும். புள்ளிவிவரப் பக்கத்தைத் திறங்க."

திறந்தேன். 'மௌனத்தின் பேரோசை': படித்தவர்கள் முப்பத்தேழு பேர். சராசரியாகப் பக்கத்தில் இருந்த நேரம் பதினொரு விநாடி.

"பதினொரு விநாடியில தலைப்பையும் உங்க போட்டோவையும் பார்த்திருப்பாங்க" என்றாள்.

"எண்ணிக்கையில என்னம்மா இருக்கு. முப்பத்தேழு பேர் மௌனமாயிட்டாங்கல்ல."

அவள் பட்டியலை அதிகம் படிக்கப்பட்டது மேலே வருகிற மாதிரி மாற்றினாள். முதலிடம்: 'சட்டைக் காலர் அழுக்கு போவது எப்படி'. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேர், சராசரி நான்கு நிமிடம். இரண்டாவது, அடிப்பிடித்த பாத்திரம். மூன்றாவது, எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பை மடிப்பது. மூன்றும் அவள் கை முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒன்றரை மாதத்தில், வேறு வழியில்லாமல் நான் வீட்டு வேலை செய்து, வயிற்றெரிச்சலில் எழுதியவை.

"இது ஏதோ அதிர்ஷ்டம்" என்றேன்.

"ஒண்ணுன்னா அதிர்ஷ்டம். மூணும் ஒரே மாதிரின்னா காரணம் இருக்கு. எங்கேருந்து வந்தாங்கன்னு பாருங்க."

பார்த்தேன். பத்தில் எட்டுப் பேர் கேள்வியைத் தேடுபொறியில் தட்டித் தேடி வந்தவர்கள். கீழே பின்னூட்டங்களும் இருந்தன. பாத்திரத்தில் சமையல் சோடாவைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டது பலித்ததென்று ஒருத்தர் நன்றி சொல்லியிருந்தார். மனசின் ஓரத்தில் கொஞ்சம் பெருமைப்பட்டேன். கரை காணாத தத்துவம் எழுதினால் ஆளில்லை. கறை காணாமல் போவதை எழுதினால் கூட்டம்.

"அப்போ கற்ற பாடம் என்ன?" என்றாள்.

"கையால செஞ்சதை எழுதினா மட்டும்தான் ஜனங்க படிக்கிறாங்க." சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்.

"அருமையா சொன்னீங்க. அதை அப்படியே எழுதுங்க."

நாலு பேர் முன்னால் உண்மையை எழுதுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. எழுதினேன். பிறகு என் அர்ப்பண வரி வந்தது. அவள் அதில் கை வைப்பாள் என்று பயந்தேன்.

"ஆறு டு எட்டு நல்ல நேரம். இருக்கட்டும்" என்றாள். "ஆனா இது திட்டம் இல்ல, ஆசை. என்ன, எத்தனை, எப்போன்னு சொன்னாதான் அடுத்த டிசம்பர்ல சரிபார்க்க முடியும். ஐம்பத்திரண்டு வேண்டாம், ஏற்கெனவே முடியல. மாசத்துக்கு ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு வாரம் நீங்களே அந்த வேலையைச் செஞ்சு பார்க்கணும். நீங்க கண்டுபிடிச்ச பாடம்தானே?"

என் பாடம். என் கையெழுத்து. மறுக்க வழியில்லை. இருபத்துநாலு பதிவு என்று எழுதி, எந்த வேலையிலிருந்து தொடங்கலாம் என்று வாசகர்களையே கேட்டு, மதியத்துக்குள் வெளியிட்டேன். மாலைக்குள் எண்பத்தாறு பின்னூட்டம். மௌனத்துக்கு ஆண்டு முழுக்க ரெண்டு. வாசகர்கள் கேட்ட வேலைகளில் பாத்திரம் தேய்ப்பதுதான் ஜெயித்தது.

ஜனவரி முதல் வாரம் முழுக்க, ஆறு முதல் எட்டு வரை, யாரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தேய்த்தேன், குறிப்பெடுத்தேன், எழுதினேன். அந்தப் பதிவை நாலாயிரம் பேர் படித்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். காபியை நீட்டி அவளுக்கு நன்றி சொன்னேன்.

"எனக்கும் சந்தோஷம்ங்க" என்றாள். "ஜன்னல் கம்பியையெல்லாம் அடுத்த பதிவுக்காக நவம்பர்லேருந்தே தொடைக்காம வெச்சிருக்கேன்."