அக்காவுக்கு வரப்போகிறவர் உடைத்த தேங்காய்

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு, தம்பி மகன் தாள்பணிந்து எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்றுக் காலை கோயிலில் ஒரு தேங்காய் இரண்டாக உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இங்கு அனைவரும் நலம், அப்பாவின் மூக்குக்கண்ணாடி தவிர. தங்கள் நலமும் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

அத்தை, "சாமி கும்பிடத் தெரியாத வீட்டுப் பையன். ஒரு தேங்காயை ஒழுங்கா உடைச்சு, எது எதுக்குன்னு சொல்லட்டும், அப்புறம் கல்யாணத்துக்கு வர்றேன்" என்று சொல்லி நீங்கள் போனை வைத்ததிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பங்கையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று. நீங்கள் வராவிட்டால் மணமேடை ஏற மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையோ லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே அனுப்பத் தெரியுமே தவிர, மேலே இருப்பவரிடம் பழக்கமில்லை. ஆகவே குடும்ப நலன் கருதி அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நானே ஏற்றேன்.

எங்கள் கோயிலில் தேங்காயை நாமே உடைத்துத் தட்டில் வைத்துத்தான் குருக்களிடம் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை நாரெல்லாம் உரித்து, குடுமி மட்டும் விட்ட தேங்காயைத் தண்ணீரில் நனைத்தார். குடுமியை மணிக்கட்டுப் பக்கம் வைத்துப் பிடித்து, நடுவயிற்றில் கல்லின் விளிம்பு படுகிற மாதிரி ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பி இன்னொரு தட்டு. சத்தம் மாறியதும் நிறுத்தி, விரிசலில் வழிந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு பிரித்தார். அளந்து அறுத்தது போல இரண்டு மூடி. அதன்பிறகுதான் குடுமியைப் பிய்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, அழுகல் துளியும் இல்லை.

அப்பா விடுவாரா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"குடுமியை ஏன் முதல்லயே எடுக்கலை?"

"அதுக்குக் கீழதான் கண்ணு இருக்கு மாமா. உடைக்கிற வரைக்கும் மூடியிருக்கணும். உடைச்சப்புறம் எடுத்தா மூணு கண்ணும் தெரியும், சிவனுக்கு இருக்கற மாதிரி."

"எதுக்கு உடைக்கணும், அப்படியே வெச்சா என்ன?"

"நார் நம்ம ஆசைங்க. ஓடு, நான்ங்கிற கர்வம். அது உடைஞ்சாத்தானே உள்ள இருக்கற வெள்ளை மனசு வெளிய வரும்."

அப்பா வாழைப்பழத்தைக் காட்டினார். மாப்பிள்ளை அசரவில்லை. "மத்த பழம்னா யாரோ தின்னு துப்பின கொட்டையிலகூட மரம் வரும். வாழை கன்னுலேர்ந்து வருது, தென்னை முழுத்தேங்காயை நட்டாத்தான் வருது. ரெண்டுலயும் எச்சில் இல்லை மாமா." பூவை மட்டும் மூக்கருகே கொண்டுபோகாமல் தட்டில் வைத்தார். வாசனை முதலில் சாமிக்கு, நமக்கு மிச்சம்தான் என்றார். அப்பா முகத்தில் ஏதோ தளர்ந்தது.

உள்ளே தீபாராதனை. மணிச்சத்தத்தில் வெளிச்சத்தம் அமுங்கியது, கற்பூரம் வலமாகச் சுற்றியது, இருட்டுக்குள் சாமி முகம் தெரிந்தது. தட்டு எங்களிடம் வந்ததும் மாப்பிள்ளை சுடரின் மேல் உள்ளங்கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வரும்போது அப்பா கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"விளக்கு எரியுதே, அப்புறம் கற்பூரம் எதுக்கு?"

"விளக்கு எரிஞ்சா திரி கருகி மிச்சம் இருக்கும். கற்பூரம் எரிஞ்சா ஒண்ணும் இருக்காது மாமா. அப்படிக் கரைஞ்சு போகணும்னுதான். கடைசியா எல்லாரும் ஆகறது என்னன்னு திருநீறு சொல்லுது."

அப்பா தட்டிலிருந்த தேங்காய் மூடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டுபோங்க மாப்பிள்ளை" என்றார். அப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது இதுவே முதல்முறை. கூட வந்திருந்த அக்கா, வீடு திரும்பியதும் வயிறாரச் சாப்பிட்டாள். ஆசிரியர் என்ற முறையில் நான் பூரித்தேன்.

எனவே அத்தை அவர்கள் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்து, முன்வரிசையில் அமர்ந்து, குறைகள் கூறி விழாவைச் சிறப்பிக்கும்படி வேண்டுகிறேன். மாமாவுக்கு வணக்கம். வீட்டுப் பூனைக்கு ஆசிகள்.

தங்கள் அன்பு மருமகன்

பின்குறிப்பு: அக்கா இதைப் படித்துவிட்டு என் தலைக்கு மேல் நிற்கிறாள். ஆகவே ஒரு சிறு திருத்தம். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. தேங்காய்க்கு முதலிலேயே மொட்டை போட வேண்டும், பூவை முகர்ந்து தரம் பார்க்க வேண்டும், கற்பூரத்தை வாயால் ஊதி அணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தினமும் வேலைக்குப் போகும் வழியில் குருக்களிடம் கேட்டுச் சரியாகக் கற்றிருக்கிறார். கோயிலை விட்டுக் கிளம்பும் முன், நான் மொட்டை போட்டுக் கொண்டுவந்திருந்த தேங்காயை அப்பா என்னிடம் நீட்டி, "எங்க, நீ ஒண்ணு உடை பாப்போம்" என்றார். ஓங்கிப் போட்டேன். ஓடு எட்டுத் திசைக்கும் பறந்தது, ஒரு சில்லு அப்பாவின் கண்ணாடியில். அப்பா என் காதைத் தேடும் முன் மாப்பிள்ளை குறுக்கே வந்து, "சிதறுதேங்காய் மாமா. தடையெல்லாம் சிதறணும்னு பிள்ளையாருக்குப் போடறது. அக்கா கல்யாணத்துக்காக வேண்டிக்கிட்டான் போல" என்றார். நான் அப்படி எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, அத்தை. அப்பா கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தடை என்று இனி மிச்சமிருப்பது நீங்கள்தான், வந்துவிடுங்கள்.