நூல் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை அனந்தபத்மநாபன் இரண்டாவது வாய் காப்பியை விழுங்குவதற்குள், மல்லேஸ்வரத்து வீட்டு வாசலில் கோணி மூட்டை ஒன்று தொப்பென்று விழுந்தது. அவருடைய ஆபீஸ் அட்டெண்டர் கிருஷ்ணப்பா மூட்டைக்குப் பக்கத்தில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சார், உங்க நோட்டீஸுக்கு நல்ல மரியாதை! ஜீவனஹள்ளியில ஒரு வீடு பாக்கியில்ல, எல்லாரும் கொடுத்தாங்க."

அனந்தபத்மநாபனுக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தியா கோமளம்! ஏழை ஜனங்கதான் முதல்ல கொடுக்கறது!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு மூட்டையைப் பிரித்தார்.

உள்ளே அத்தனையும் நூல். வெள்ளை நூல், பச்சை நூல், கண்டு கண்டாக, கட்டை கட்டையாக. ஒரு சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாத மனிதர் அதைப் பார்த்தபடி நின்றார்.

"என்னடா இது?"

"நூலு சார். நீங்கதானே கேட்டீங்க? பாதிப் பேர் மில்லு வேலை. ராட்டை நூக்கிற பள்ளிக்கூடமாட்டம் இருக்குது, பாவம்னு கொடுத்தாங்க."

அவன் நீட்டிய நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருந்தது: "கிராமப் பள்ளிக்கு நூல் வேண்டும்."

புத்தகத்துக்கு நூல் என்று பேர் வைத்த புண்ணியவான் மில்தொழிலாளிகளைக் கேட்டுவிட்டா வைத்தான்? கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் சமையலறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் ஆரம்பித்தது கிருஷ்ணப்பாவின் அண்ணன் கோவிந்தப்பாவால். ஓசூர்ப் பக்கம் முத்தேரிப்பள்ளி என்ற ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். பள்ளிப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, "ஜூனுக்குள் நூறு புத்தகத்தோடு ஒழுங்கான நூலகம் காட்டுங்கள், எட்டாம் வகுப்பு வரை உயர்த்தச் சிபாரிசு செய்கிறேன்" என்று சொல்லிப் போயிருந்தார். ஐந்துக்கு மேல் படிக்க ஒன்பது மைல் நடக்க வேண்டும். பையன்கள் சிலர் நடந்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. அவர்களுக்கு ஐந்தோடு படிப்பு முடிந்தது. அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஏழு பெண்கள் இருந்தார்கள்.

கிருஷ்ணப்பா இதைச் சொன்னதும் அனந்தபத்மநாபன் மார்பைத் தட்டிக்கொண்டார். ஆபீஸில் மனு எழுத அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "ஒரே ஒரு வேண்டுகோள் எழுதறேன். பெங்களூர்த் தமிழன் அத்தனை பேரும் கண்ணைத் துடைச்சிண்டு வரிசையில நிப்பான்" என்று பிரிவு முழுக்கக் கேட்கும்படிச் சொல்லிவிட்டார்.

எழுதவும் செய்தார். "எங்கோ ஒரு சிற்றூர்! ஒழுகும் கூரை! பசியால் சுருண்ட பிஞ்சுகள்! புத்தகம் என்றால் என்னவென்றே அறியாத கண்களில் வழிந்தோடும் கண்ணீர்!" ஊர்ப் பெயரைப் போடவில்லை, போட்டால் சோகம் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஐந்நூறு அச்சடித்து, பெருமை தாங்காமல் நூறைக் கோவிந்தப்பாவுக்கே அனுப்பிவைத்தார்.

நாலாம் நாள் கார்டு வந்தது. "ஐயா, தமிழ் அருமை. ஆனால் எங்கள் கூரை ஒழுகவில்லை. போன வருஷம்தான் ஊரார் சேர்ந்து ஓடு மாற்றினோம். மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு உண்டு. யாரும் அழுவதில்லை, சத்தம்தான் அதிகம். பொய் சொல்லி வாங்கிய புத்தகத்தை வைத்து நான் என்ன பாடம் நடத்துவது? தயவுசெய்து இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

அனந்தபத்மநாபனுக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மைதானே வேண்டும், இந்தா பிடி என்று ஒரே வரியில் அடுத்த நோட்டீஸை அடித்தார். அந்த ஒரு வரிதான் இப்போது மூட்டையாக வாசலில் கிடந்தது.

அன்று முழுக்க அவரும் கிருஷ்ணப்பாவும் ஜீவனஹள்ளியில் வீடு வீடாகப் போய் நூலைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாஞ்சாலி என்ற மில்தொழிலாளி மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"புஸ்தகம்னா புஸ்தகம்னு எழுதுறதுக்கு என்ன சார்? நாங்க நூலத்தானே தினமும் பாக்குறோம்?"

நியாயம்தான். மூன்றாவது நோட்டீஸில் புத்தகம் என்றே போட்டார். கூடவே, கொடுப்பவர் தயங்கக் கூடாதே என்று, "பழைய புத்தகமானாலும் பாதகமில்லை" என்று ஒரு வரி சேர்த்தார். இந்தத் தடவை மல்லேஸ்வரம் முழுக்க விநியோகம்.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மல்லேஸ்வரம் பரணைக் காலி செய்தது. ஓய்வுபெற்ற வக்கீல் ஜெயராமன் இங்கிலீஷில் இருபத்திரண்டு சட்டத் தொகுதிகளை ஜட்கா வண்டியில் அனுப்பினார். போருக்கு முந்தைய ரயில்வே கைடு நாலு வந்தது. காலாவதியான பஞ்சாங்கம் ஒன்பது வந்தது. டாக்டர் ஒருவர் கொடுத்த உடற்கூறு புத்தகத்தைக் கோமளம் ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "பகவானே!" என்று செய்தித்தாளில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

"மொத்தம் அறுபத்தொண்ணு" என்றார் அனந்தபத்மநாபன், சுரத்தில்லாமல்.

"இதுல குழந்தை படிக்கறது எத்தனை?"

"ரெண்டு. அதுல ஒண்ணு தெலுங்கு."

கூடத்தில் நடக்க இடமில்லை. ஆபீஸில் வேறு, "என்ன சார், வரிசை எதுவரைக்கும் நிக்கறது?" என்று சுந்தரராமன் தினம் ஒரு தடவை விசாரித்தார். ஜூனுக்கு ஆறே வாரம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவருக்குக் குரங்குகூட உருப்படியாக அமையவில்லை.

இரவுச் சாப்பாட்டில் கோமளம் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏன்னா, தப்பா எடுத்துக்காதேங்கோ. முதல் நோட்டீஸ்ல இல்லாததை எழுதினேள். அப்புறம் இருக்கறதையும் எழுதலை. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எத்தனை குழந்தைகள்?"

அனந்தபத்மநாபன் தட்டைப் பார்த்தார்.

"என்ன புஸ்தகம் இருக்கு? அலமாரி இருக்கா? எழுத்துக் கூட்டறவா எத்தனை, சரளமாப் படிக்கறவா எத்தனை? ஒண்ணும் தெரியாம எப்படி மனுஷா மனசு இளகும்?"

மறுநாளே ஒரு பதில் கார்டு வாங்கி, கோமளம் சொல்லச் சொல்லக் கேள்விகளை எழுதினார். கோவிந்தப்பாவின் பதில் கார்டின் ஓரம் வரை நுணுக்கி எழுதப்பட்டு வந்தது. அதைப் படித்து முடித்ததும் அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு ஆச்சரியக்குறி இல்லை, ஒரு பிஞ்சு இல்லை; ஆனாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார்.

நாலாவது நோட்டீஸை அவர் எழுதினார் என்று சொல்வதைவிட, கார்டைப் பெயர்த்து எழுதினார் என்பதே சரி.

"ஓசூர் வட்டம் முத்தேரிப்பள்ளி ஆரம்பப் பள்ளியில் அறுபத்து நான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள். கூரை நன்றாக இருக்கிறது. ஊர்த் தச்சர் கூலி வாங்காமல் செய்து கொடுத்த அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் பதினொரு புத்தகங்கள் உள்ளன. பதினொன்றையும் எல்லாரும் படித்துவிட்டார்கள். ஒரு கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இல்லை. அதற்கு இதுவரை முப்பத்தொரு முடிவுகளைப் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். ஜூனுக்குள் நூறு புத்தகம் சேர்ந்தால் பள்ளி எட்டாம் வகுப்பு வரை உயர வழி உண்டு. சேராவிட்டால் இந்த வருஷம் ஏழு பெண்பிள்ளைகளின் படிப்பு நிற்கும்."

கீழே கோமளத்தின் பட்டியல்: தமிழில் இருக்க வேண்டும். ஆறு வயது முதல் பதிமூன்று வரை படிக்கத்தக்க கதை, பாட்டு, விலங்கு, பூகோளம், வாழ்க்கை வரலாறு. பெரிய எழுத்தானால் நல்லது. பக்கம் முழுதாக இருக்க வேண்டும். பஞ்சாங்கம், சட்டம், ரயில்வே கைடு வேண்டாம். உங்கள் குழந்தைக்குக் கொடுக்கத் தயங்கும் புத்தகத்தை இந்தக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம். கொடுத்தவர் பெயர் முதல் பக்கத்தில் எழுதப்படும். வந்த புத்தகங்களின் பட்டியல் வாராவாரம் எங்கள் வாசலில் ஒட்டப்படும்.

அச்சாபீஸ் முனிகிருஷ்ணன் எழுத்துக் கோப்பதற்குமுன் ஒருமுறை படித்தார். பிறகு உள்ளே போய், தன் மகளின் படப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணாம் நம்பரு இதுவே இருக்கட்டும் சார்."

அதற்கப்புறம் நடந்ததை அனந்தபத்மநாபன் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார், சந்தேகமில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் டீச்சர் ஒருவர் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு கொண்டுவந்தார். வக்கீல் ஜெயராமன் சட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கடைக்குப் போய்ப் புதிதாக எட்டு வாங்கி வந்தார். ஜீவனஹள்ளியிலிருந்து பாஞ்சாலி ஐந்து பேரோடு சேர்ந்து வாங்கிய ஒரே ஒரு புத்தகத்தைக் கொடுத்து, ஆறு பேரையும் எழுதச் சொன்னாள். முதல் பக்கத்தில் இடம் போதாமல் பின்னட்டையிலும் எழுதினார்கள். ஆபீஸ் சுந்தரராமன்கூட இரண்டு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கோமளம் சேர்க்கைப் பதிவேடு போட்டாள். வரிசை எண், தேதி, பெயர், ஆசிரியர், கொடுத்தவர். பக்கம் எண்ணிப் பார்த்து, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டினாள். மே கடைசியில் நூற்று நாற்பத்து மூன்று. கூடத்தில் அவை வரிசையாக நின்றதைப் பார்த்துக்கொண்டு அனந்தபத்மநாபன் வெறுமனே உட்கார்ந்திருப்பார். அத்தனை வருஷம் எழுதிய மனுக்களில் ஒன்றுகூட அவருக்கு இந்த நிறைவைக் கொடுத்ததில்லை.

எடுத்துப் போகக் கோவிந்தப்பாவே வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு, கக்கத்தில் துணியில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். புத்தகங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பதிவேட்டைப் புரட்டினார்.

"ஏழு பொண்ணுங்க அப்பன்மாருங்களும் பேர் கொடுத்துட்டாங்கம்மா, ஆறாங்கிளாஸுக்கு" என்றார் கோமளத்திடம்.

கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனந்தபத்மநாபன் பேச்சை மாற்ற நினைத்து, "அது என்ன பொட்டலம்?" என்றார்.

கோவிந்தப்பா நெளிந்தார். தயங்கித் தயங்கி முடிச்சை அவிழ்த்தார். ஓரம் மழுங்கி, ஒட்டுப் போட்டு, ஆனாலும் சுத்தமாகத் துடைத்த ஆறு புத்தகங்கள்.

"இதுவும் நூலகத்துக்கா?"

"இல்ல சார், இது எங்க அலமாரியில இருந்தது. பதினொண்ணுல நல்லதாப் பாத்து ஆறு. நீங்க முதல்ல அனுப்பின நோட்டீஸு, பின்பக்கம் வெள்ளையா இருக்குதேன்னு லீவுக்கு முன்னாடி பசங்களுக்குக் கணக்குப் போடக் கொடுத்தேன். பாவிங்க, முன்பக்கத்தையும் படிச்சிட்டாங்க."

"ஐயையோ! மனசு ஒடிஞ்சு போயிட்டாளா?" என்றாள் கோமளம்.

"அதெல்லாம் இல்லம்மா. 'நமக்காச்சும் ஓட்டுக்கூரை இருக்குது, அந்தப் பாவப்பட்ட ஊர்ப் பசங்களுக்கு இதைக் கொடுத்துட்டு வாங்க சார்'னு கட்டிக் கொடுத்து, பஸ்ஸு வரைக்கும் வந்து ஏத்திவிட்டாங்க."