மூக்கரும் என் சம்பந்தியின் சிபாரிசும்

நீலகிரியில் பேய்க்கு அஞ்சாதவர்கள் உண்டு. மூக்கருக்கு அஞ்சாதவர்கள் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நாற்பது ஆண்டுகள், முகர்ந்தே தேயிலையின் பக்குவம் சொல்லும் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்ற அம்மனிதரின் இயற்பெயரைக் குன்னூரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எதிரில் இருப்பது தெரியாத பனிமூட்டத்தில் கண்ணை மூடி நின்று, "தபால்காரர் வர்றாருங்க. பூண்டுக் குழம்பு சாப்பிட்டிருக்காரு" என்பார். சற்று நேரத்தில் மூட்டத்திலிருந்து தபால்காரரின் தலை முளைக்கும். ஒருமுறை நோயாளியைப் பார்க்கச் சென்றவர் வாசலோடு திரும்பிவிட்டார். அந்த வாரமே அவ்வீட்டில் சாவு. அதன்பின் அவர் வாசலில் நின்றாலே ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

அதே தொழிற்சாலையில் நான் முதலில் உதவி டீ மேக்கர். பிறகு அலுவலகத் தலைமையாக இருந்து ஓய்வுபெற்றவன். வேதியியல் பட்டதாரி என்பதை எவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவன்.

சென்ற ஆண்டு, என் மகளின் மாமனார் தொலைபேசியில் அழைத்தார். அருகிலுள்ள தொழிற்சாலையொன்றில் அவர் பங்குதாரர். டீ மேக்கர் இடம் காலியாகியிருந்தது. மற்றப் பங்குதாரர்களிடம் என் பெயரைச் சொல்லி முடித்துவிட்டதாகவும், ஒன்றாம் தேதி வந்தால் போதுமென்றும் கூறினார். மறு யோசனையின்றி ஒப்புக்கொண்டேன். அன்றே, நாள்தோறும் என்னோடு நடை வரும் மூக்கரிடம் சொன்னேன். அவர் வாழ்த்தவில்லை. என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தொடங்கி விபரீதங்கள் நிகழ்ந்தன. நாங்கள் இருவரும் பேருந்து நிழற்குடையில் அமர்ந்தால், அங்கிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து மழையில் நின்றார்கள். தேநீர்க் கடையில் எங்கள் மேசையைச் சுற்றி வட்டமாக வெறுமை விழுந்தது. பூங்காவுக்கு நடக்கையில் மூட்டத்திலிருந்து ஒரு பூனை வந்தது, பிறகு மூன்று, பிறகு ஐந்து. ஓசையின்றிப் பின்தொடர்ந்து, நாங்கள் நின்றால் அவையும் நின்று என்னையே நோக்கின. எனக்குக் காலம் நெருங்கிவிட்டதென்றே நம்பினேன்.

நான்காம் நாள், பூங்கா இருக்கையில் அவரிடம் மனம்விட்டுச் சொன்னேன். மூக்கர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நெத்திலிக் கருவாடுங்க. நாலு நாளா உங்க பக்கத்துலயேதான் இருக்குது."

பூனைகள் நெருங்கின. பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனேன்; ஒரு வாசமும் இல்லை.

"காய்ச்சல்ல படுத்தீங்களே, அப்பப் போச்சுங்களா மோப்பம்?"

"திரும்பி வருமென்று எண்ணினேன்."

"சம்பந்திக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது. என் மனைவிக்கே தெரியாது.

கடிகாரத்தையும் இலையின் செம்பு நிறத்தையும் வைத்துச் சமாளித்துவிடலாமென வாதிட்டேன். மூக்கர் பொறுமையாகக் கேட்டார். அரைத்த இலையைப் பரப்பிவைத்தால் பச்சை வாசம் அடங்கி நல்ல மணம் எழும்; அது இறங்குமுன் உலர்த்தும் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். மூட்டமான நாளில் நேரமும் பொய் சொல்லும், நிறமும் பொய் சொல்லும் என்று நான் கற்றதை எனக்கே நினைவூட்டினார். பிறகு கேட்டார்:

"அவரு சம்பந்தியா இல்லாட்டி, உங்களைப் பரீட்சை வெக்காம எடுத்திருப்பாருங்களா?"

"மாட்டார்."

"அப்ப நீங்களே பரீட்சை வெச்சுக்கோணுமுங்க. சரக்குக் கெட்டு ஏலத்துல விக்காம நின்னா, உங்களை ஆரும் கேக்கமாட்டாங்க. பேர் சொன்ன அவரைத்தான் கேப்பாங்க. அவரு ஊட்டுக்குப் போய் ஆருகிட்ட முகத்தைக் காட்டுவாரு?"

என் மகளிடம். மூக்கர் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இப்போது மறுத்தால் என் மரியாதை என்னாவது?"

"ஒன்னாந்தேதிக்கு முன்னாலன்னா மறுக்கறதுங்க. பின்னாலன்னா ஏமாத்தறது. வராததை மட்டும் சொல்லாதீங்க, வர்றதையும் சொல்லுங்க. கொழுந்து பாக்க உங்களை மிஞ்ச ஆள் உண்டுங்களா?"

அங்கேயே சம்பந்தியை அழைத்தேன். நன்றி கூறி, மோப்பம் இழந்ததையும் மறைத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். "அப்ப ஒன்னாந்தேதிக்கு ஆளுக்கு எங்கே போவேனுங்க?" என்றார் அவர். அந்தக் கேள்வியில் முப்பது ஆண்டு கௌரவம் பனியோடு கரைவதைக் கண்ணால் கண்டேன். பதற்றத்தில், மூக்கரையே அவ்வேலைக்குச் சிபாரிசு செய்துவிட்டேன்.

"என்னைக் கேட்டீங்களா?" என்று மூக்கர் சீறினார். "இந்த முட்டிய வெச்சுட்டு நான் அத்தனை படி ஏறுவனா? இப்பத்தானுங்க இத்தனை சொன்னேன்."

சம்பந்தி சிரித்துவிட்டார். அங்கேயே உதவியாளராக இருப்பவரைச் சோதித்து அமர்த்திக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு, சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையில் முற்றலையும் கொழுந்தையும் பிரித்து மதிப்பிடும் வேலை. ஒரு மாதப் பரீட்சை. "சரிப்படலைன்னா நேரா சொல்லிருவேனுங்க சம்பந்தி, வருத்தப்படக் கூடாது" என்றார். வருத்தப்பட மாட்டேன் என்றேன். சரிப்பட்டது.

இப்போது நாள்தோறும் பிற்பகலில் மூட்டத்தைப் பிளந்துகொண்டு மூக்கர் இலைக் கொட்டகைக்கு வருகிறார். வரும்போதே, நான் கேளாமலே, மண் எப்படி மணக்கிறது, எந்தப் பக்கம் மழை, இன்று தேயிலையின் மணம் எந்த நொடியில் எழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எனக்கு அவை தெரியாது என்பதுபோல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் வரத் தாமதமானால், பிற்பகலாகியும் எனக்கு அந்த நாள் தொடங்குவதே இல்லை.