நாலு வரி வாழ்த்தும் ஐந்து கையெழுத்தும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் உன் அச்சகமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

பக்கத்து மேசைக்காரனின் கல்யாணத்துக்கு வாழ்த்து அட்டை அடித்துத் தரச் சொல்லியிருந்தேனே, அதை நிறுத்திவிடு. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, ஒருவரிடமும் மூச்சு விடாதவன் அவன். நேரில் நன்றி சொன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அட்டையிலாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ சொன்னபடியே செய்தேன்: நாலு வரி, கிண்டல் கிடையாது, புத்திமதி கிடையாது, அவனைப் பற்றி உண்மையான ஒரு விஷயம், கடைசியில் இருவருக்கும் வாழ்த்து, கீழே கையெழுத்துக்கு இடம். வாய்விட்டுப் படித்துத் தட்டிய இடத்தைத் திருத்தினேன்.

பக்கத்து மேசையில் நீ இருந்ததால்
பாரமான நாள்கள் லேசாயின.
இனி உன் பக்கத்தில் அவர் இருக்கிறார்;
உங்கள் இருவர் நாள்களும் லேசாகட்டும்.

அட்டை அலுவலகத்தின் பெயரில் போகிறது; அப்படி எந்தக் காகிதம் போனாலும் ஐந்து கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் விதி. எடை இயந்திரக் கம்பெனி இல்லையா, ஸ்டோர்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பாரம்னா எத்தனை கிலோ? அளவு போடாம எப்படிங்க அனுப்புறது?" என்றார். விற்பனை மேலாளர், "லேசாகட்டும்னா நம்ம மெஷின் எடையக் கொறைச்சுக் காட்டுதுன்னு நினைப்பாங்கப்பா" என்று அதை அடித்தார். வக்கீலம்மா, "இருக்கிறார்னு உறுதி தர நாம யாரு? இருக்கக்கூடும்னு போடுங்க" என்றார். முதலாளிப் பெரியவர் எதையும் படிக்காமல் நாலாவது கையெழுத்தைப் போட்டார். கடைசியில் மிஞ்சியது இதுதான்: "குறிப்பிட்ட இருவரின் நாள்கள், அனுமதிக்கப்பட்ட பிழை வரம்புக்குள், மகிழ்ச்சியாக அமையக்கூடும்."

அதோடு விட்டதா? ஐந்தாவது கையெழுத்து சரிபார்ப்பு மேசையுடையது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவனே மாப்பிள்ளைதானே அக்கா! ப்யூன் ஃபைலை நேரா அவன்கிட்டயே கொண்டுபோய் வெச்சுட்டார். அரை மணி நேரமா அவன் சிவப்புப் பேனாவோட குனிஞ்சிருக்கான், நான் இந்தப் பக்கம் திரும்பி உனக்கு எழுதிட்டிருக்கேன். நான் கல்யாணத்துக்குப் போகப்போறதில்ல, எந்த முகத்தோட போறது? வேற வேலை இருந்தா அத்தான்கிட்ட விசாரிக்கச் சொல்லு.

குழந்தைகளுக்கு என் ஆசி, அத்தானுக்கு வணக்கம், உனக்குப் பாதி கோபம், மீதி அன்பு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஃபைல் திரும்பி வந்துவிட்டது. அதில் சிவப்பு மையில், "அசலுடன் ஒப்பிட்டேன். திருத்தங்கள் அனைத்தும் பிழை. முதல் வரைவே செல்லும். ஒரு குறை: 'அவர்' என்பவருக்குப் பெயர் உண்டு" என்று எழுதி, மூன்றாவது வரியில் பெண்ணின் பெயரைத் தன் கையாலேயே சேர்த்திருக்கிறான். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஆள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அந்தத் தாளையே இதோடு வைத்திருக்கிறேன், அச்சடித்துவிடு அக்கா, அவன் சரிபார்த்த காகிதத்தில் இதுவரை தப்பு வந்ததே இல்லை. எனக்கு வெள்ளைச் சட்டை ஒன்றும் எடுத்து வை, கல்யாணத்துக்குப் போக வேண்டும்.