ஒரு ராங் நம்பர் நீக்கப்பட்ட நாட்குறிப்புக்கு முன்னுரை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட இந்த மாபெரும் நிலப்பரப்பில் காரும் கைப்பேசியும் கண்ணாடியும் டயரும் உற்பத்தியாகின்றன. வரலாறு உற்பத்தியானது மட்டும் ஒரே ஓர் இடத்தில்தான். அது சுங்குவார்சத்திரத்தில், பாய், பக்கெட், தலையணை, கொடிக்கயிறு, பூட்டு ஆகியவை நியாயமான விலையில் கிடைக்கும் என் கடை. உற்பத்தியாளர், கடைக்காரனாகிய நான்.

உங்கள் கையில் இருப்பது, நரசிம்மன் என்னும் நான் 2006 முதல் 2024 வரை பத்தொன்பது டைரிகளில் எழுதிய குறிப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதி. இது குடும்பத் தொகுப்பு, விற்பனைக்கு அல்ல. பிரதிகள் ஏழு. சுருள் கம்பி பைண்டிங். இதை ஒரு பொருளாக எவருக்கும் விற்க முடியாது என்று தெரிந்த பிறகே "விற்பனைக்கு அல்ல" என்ற பெருந்தன்மையான முடிவு எடுக்கப்பட்டது.

பக்கங்களைப் பற்றிச் சில விளக்கங்கள். எனக்கு டைரி கொடுத்துவந்தவர் பக்கெட் கம்பெனிப் பிரதிநிதி. அவர் ஆண்டுதோறும் தவறாமல் போன ஆண்டு டைரியைத்தான் கொடுப்பார். ஆகவே இத்தொகுப்பில் தேதிகள் சரி, கிழமைகள் தவறு. 2015 டிசம்பர் மழையில் நனைந்த பக்கங்களில் எழுத்து அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிட்டதால், அந்த மாதத்தில் நான் இரண்டு நாள் சிந்தித்ததை ஒரே நாளில் சிந்தித்ததுபோலத் தோன்றும். வாசகர்கள் அதை என் மேதைமை என்று கொண்டாலும் மறுப்பதற்கில்லை.

கையெழுத்தைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என் மகள் நிலாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் மனிதவளத் துறையில் இருக்கிறாள். மனிதர்களையே தட்டச்சு செய்யாமல் கையாளுகிறவள், என் எழுத்தைத் தட்டச்சு செய்வாளா? கைப்பேசியில் வாசித்தாள், அது கேட்டு எழுதிக்கொண்டது. "இன்று பதினாறு பாய் விற்றேன்" என்பதைக் கைப்பேசி "இன்று பதினாறு பொய் விற்றேன்" என்று எழுதியது.

"திருத்தும்மா" என்றேன்.

"இருக்கட்டும்பா. போனுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள்.

நான்கு மாதத்தில் மூவாயிரத்து நானூறு குறிப்புகள் ஏற்றப்பட்டன. அடுத்த கேள்வி, எத்தனை அச்சாக வேண்டும்? என் மகன் இனியவன் "நூறு" என்றான். நான் "ஆயிரம்" என்றேன். மூட்டை சுமந்து சந்தை சந்தையாகத் துணி விற்ற வம்சம் எங்களுடையது. முதலில் வாயில் வருவது எண்ணமாக இருக்காது, ஏற்றிச் சொன்ன எண்ணாகத்தான் இருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டில் படிந்தது. நான் மனதுக்குள் வைத்திருந்ததே நூற்றைம்பதுதான் என்பதை இங்கே முதன்முறையாக வெளியிடுகிறேன்.

எந்த இருநூற்றுப் பன்னிரண்டு? இங்கேதான் இந்நூல் தமிழில் வெளிவந்த பிற தொகுப்புகளிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. இனியவன் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். அங்கே ஒரு போல்ட் வெளியே போக வேண்டுமானாலும் அவன் பச்சை அட்டை கட்ட வேண்டும். தந்தையின் இலக்கியத்தையும் அவ்வாறே அணுகினான். பச்சை அட்டை "ஓகே". மஞ்சள் அட்டை "ரீவொர்க்". சிவப்பு அட்டை "ரிஜெக்ட்". எந்த அட்டையானாலும் காரணம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். என் மாமனாரின் நடை உடை குறித்து நான் எழுதியிருந்த மூன்று பக்கச் சித்திரம் இப்படித்தான் "மேற்பரப்பில் கீறல்" என்ற காரணத்தால் சிவப்பு அட்டை பெற்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் வார விடுமுறை அமைந்த அபூர்வ நாளில், இறுதித் தேர்வுக் கூட்டம் கூடியது. தலைமை, என் மனைவி கோவிந்தம்மா. அவளை நான் முன்மொழிந்தேன். எல்லாத் தலைமைப் பதவிகளையும் பெண்களுக்கு விட்டுக்கொடுப்பது என் கொள்கை. முடிவுகளை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன்.

கூட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது நிலா ஒரு குறிப்பைப் படித்தாள்.

"பதினெட்டு ஏழு ரெண்டாயிரத்து ஏழு. பதினோரு மணிக்கு ராங் நம்பர். பேசி வைத்துவிட்டேன்."

"இதுல இன்னா இருக்கு? சிவப்பு அட்டை போடுடா" என்றேன் நான். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

இனியவன் அட்டையைக் கீழே வைத்தான். "காரணம் இல்லாம ரிஜெக்ட் பண்ண முடியாதுப்பா. வொய்-வொய் போட்டுடலாம்."

வொய்-வொய் என்பது இப்பகுதித் தொழிற்சாலைகளில் பழக்கத்தில் உள்ள ஓர் உயர்ந்த ஆராய்ச்சி முறை. ஒரு மெஷின் நின்றால் "ஏன் நின்றது?" என்று கேட்பார்கள். வரும் பதிலைப் பார்த்து மறுபடி "ஏன்?" என்பார்கள். ஐந்து முறை கேட்டால் அடிவேர் வந்துவிடும் என்பது ஐதீகம். மெஷினுக்கு இது நல்லது. புருஷன்மார்களுக்கு உகந்ததல்ல என்று யாரும் இதுவரை எச்சரிக்கைப் பலகை வைக்காதது தொழிற்பேட்டையின் குறை.

"மொத ஏன். ராங் நம்பரை ஏன் டைரியில எழுதினே?"

"கடைக்கு வர எல்லா போனையும் எழுதுவேன்."

நிலா கைப்பேசியில் எதையோ தட்டினாள். "தேடிட்டேன்பா. பத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு ராங் நம்பர்தான் கீது."

"ரெண்டாவது ஏன். ராங் நம்பர்னா வச்சுடுவாங்க. நீ ஏன் பேசினே?"

"அந்தப் பக்கம் ஒருத்தர் கேட்டாரு, சொன்னேன். மரியாதைடா."

"மூணாவது. அவரு ஏன் நம்ம கடைக்கு போன் பண்ணாரு?"

பேரத்தில் தோற்பவன் எப்போதும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியவன். என் அப்பா இதை எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அடித்தே கற்றுக்கொடுத்தார். இருந்தும் சொன்னேன்.

"யாரோ கோவிந்தம்மா மேடமாம். இருக்காங்களான்னாரு. அப்பிடி யாரும் இல்லேன்னேன்."

கூட்டத்தில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மின்விசிறி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சுற்றியது.

இங்கே வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. பி.காம் படித்த கோவிந்தம்மா, 2007 ஜூன் மாதம் ஒரு மின்னணுக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவு வேலைக்கு இன்டர்வியூ போய்வந்தாள். "கூப்பிடறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். தொடர்புக்குக் கொடுத்தது கடை நம்பரை. ஒரு மாதத்துக்கு மேல், நாளுக்கு நான்கு முறை அந்த போனை எடுத்து, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைப்பாள். செவ்வாய்தோறும் வல்லக்கோட்டை முருகனிடம் போய்வந்தாள். அந்நாட்களின் என் குறிப்பு: "வீட்டில் பக்தி பெருகிவிட்டது. மகிழ்ச்சி." இதற்குப் பச்சை அட்டை கிடைத்திருக்கிறது; இத்தொகுப்பின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் காணலாம்.

"நாலாவது" என்றான் இனியவன். குரலில் இப்போது இன்ஜினியர் இல்லை. "அம்மாகிட்ட ஏன்பா குடுக்கல?"

"பக்கத்துலதான் இருந்தா. பாய் அடுக்கிகினு இருந்தா. அந்த ஆளு 'மேடம்'னாரு. நம்ம வூட்டுல யாரை யாரு மேடம்னு கூப்ட்டுகீறாங்க? எனக்கு நெஜமாவே ராங் நம்பர் மாதிரிதான் இருந்துச்சு. வர திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்னாரு. அவங்களுக்கு விருப்பமில்லேன்னு சொல்லிட்டேன்."

"இப்பதான் அப்பிடி யாரும் இல்லேன்னே" என்றாள் நிலா. "இல்லாதவங்களுக்கு எப்பிடிப்பா விருப்பமில்லாம போச்சு?"

இதற்கு நான் அளித்த பதில் கூட்டக் குறிப்பில் "இருமினார்" என்று பதிவாகியுள்ளது.

ஐந்தாவது "ஏன்" இனியவனிடமிருந்து வரவில்லை. தலைவரிடமிருந்து வந்தது.

"ஏங்க?" என்றாள் கோவிந்தம்மா.

தமிழில் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் "ஏங்க", காரணம் கேட்பதும் "ஏங்க". கல்யாணமான நாள் முதலாக நான் அதை முதல் அர்த்தத்தில் மட்டுமே கேட்டுப் பழகியவன். "இன்னா?" என்றேன்.

"கூப்பிடல. கேக்கறேன்."

அவளே தொடர்ந்தாள்.

"இங்கிலீஷ் வரல, அதான் தள்ளிட்டாங்கன்னு நெனச்சுகினேன். அவங்க 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னாங்க. நான் ரெண்டு வரி சொல்லிட்டு நின்னுட்டேன். அந்த மூணாவது வரி இன்னாவா இருக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் பாத்திரம் தேய்க்கறப்ப யோசிக்கறேன். ரெண்டு வரியே போதும்னு அவங்க சொல்லிகீறாங்க. நீங்க எனக்குச் சொல்லல."

அந்த இன்டர்வியூவுக்குப் பிறகு அவள் முப்பது நாளில் ஆங்கிலம் கற்கும் புத்தகம் ஒன்று வாங்கினாள். அதற்கும் என் குறிப்பு உண்டு: "வீட்டில் இங்கிலீஷ் படிப்பு. சிரித்தேன்." நகைச்சுவை நன்றாக இருக்கிறது என்று முதல் சுற்றிலேயே பச்சை அட்டை கட்டப்பட்ட குறிப்பு அது. இனியவன் அதைத் தேடி எடுத்து அட்டையை அவிழ்த்தான்.

"அது இருக்கட்டும்டா" என்றாள் அவள். "எல்லாரும் சிரிக்கட்டும்."

நான் வியாபாரி. சரக்கு கெட்டது தெரிந்தால் விலையைக் குறைத்தாவது தள்ளிவிட வேண்டும். "அந்த ராங் நம்பர் குறிப்பு ஒண்ணை மட்டும் எடுத்துடலாம். அதுக்குப் பதிலா ஒன்னோட சமையலைப் பாராட்டி எழுதினது ஏழு கீது, அத்தனையும் சேத்துக்கோ" என்றேன்.

"ஏழுமே பொங்கல் பத்தித்தான்" என்றாள் நிலா.

"எடுத்துடுங்க" என்றாள் கோவிந்தம்மா. நான் நிம்மதிப் பெருமூச்சு விடும் முன், "காரணம் எழுதணும்னு சொன்னியேடா?" என்று மகனைக் கேட்டாள்.

"ஆமாம்மா. தொகுப்புல எதையாவது எடுத்தா, இன்னாத்த எடுத்தோம், ஏன் எடுத்தோம்னு முன்னுரையில இருக்கணும். இல்லன்னா படிக்கறவங்களுக்கு இதான் முழுசுன்னு ஆயிடும்."

"அப்ப முன்னுரை எழுதட்டும்."

இவ்வாறாக, இரண்டே வரிகளை அச்சிலிருந்து காப்பாற்றும் பேரத்தில் நான் வெற்றி பெற்றேன். அவ்வெற்றியைத்தான் நீங்கள் இத்தனை நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முன்னுரையை முடித்துத் தலைவரின் பார்வைக்கு வைத்தேன். கடைசியில், எல்லாத் தொகுப்பாளர்களும் எழுதுகிற மாதிரி, "தவிர்க்க இயலாத காரணங்களால் 18-7-2007 தேதிக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளது. அன்றைய அழைப்பு மறுக்கப்பட்டது. வேலை இழக்கப்பட்டது" என்று கௌரவமாக எழுதியிருந்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து, நிதானமாகப் படித்தாள். அழவில்லை, திட்டவில்லை. பேனாவைக் கேட்டாள்.

"நீக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, இழக்கப்பட்டது... எல்லாம் தானா நடந்த மாதிரி கீதே. இதையெல்லாம் பண்ணது யாருங்க?"

மூன்று "பட்டது"களையும் அடித்துவிட்டு, நான் வழக்கமாக "தொகுப்பாசிரியர்" என்று போட்டுக் கையெழுத்திடும் இடத்தைக் காட்டினாள். பேரம் பேசாமல் கையெழுத்திடுகிறேன்.

சுங்குவார்சத்திரம்.

மறுத்தவன், மறைத்தவன், நீக்கியவன்
நரசிம்மன்